‘நூ’ என்றால் நாமா, நாங்களா? மூன்று பேலட்டும் ஒரு பிரெஞ்சு மின்னஞ்சலும்

லியோனுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டி, பேக்கிங் சாமான்கள் விற்கும் ஒரு நிறுவனத்தில் விற்பனை நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆர்டரைப் பதிவது, லாரி ஏற்பாடு செய்வது, பில் போடுவது, புகார் வந்தால் பதில் எழுதுவது எல்லாம் எங்கள் பிரிவின் வேலை. பிரெஞ்சைப் புதுச்சேரியில் பள்ளியிலேயே படித்தவள் நான். இலக்கணத்தில் எனக்குப் பெரிய பயம் கிடையாது. இருந்தும் நான் எழுதிய நான்கு வாக்கிய மின்னஞ்சல் ஒன்று இரண்டு நிறுவனங்களுக்கும் பண நஷ்டம் வைத்தது. அதில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்பதுதான் தவறியது.

நடந்தது இதுதான். சாந்த்-எத்தியேனில் உள்ள ஒரு வாடிக்கையாளருக்குப் பன்னிரண்டு பேலட், அதாவது மரத்தட்டில் அடுக்கிக் கட்டிய சரக்கு போனது. பேலட் ஒன்று 400 யூரோ, வரி நீங்கலாக மொத்தம் 4,800 யூரோ. செவ்வாய்க்கிழமை காலை லாரி இறக்கியதில் மூன்று பேலட்டுகள் நசுங்கி நனைந்திருந்தன. அங்கே கொள்முதல் பார்க்கும் அம்மா உடனே போன் செய்தார். லாரிக்காரர் நீட்டிய சரக்கு ஒப்படைப்புச் சீட்டில் “பிரித்துப் பார்த்த பிறகு சொல்கிறோம்” என்ற பொருளில் ஒரு வரி மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பிரான்சில் பல கிடங்குகளில் பழக்கமாக எழுதும் வரி அது. எந்தப் பெட்டி, என்ன சேதம் என்று சொல்லாததால் அதற்கு மதிப்பில்லை. போனில் பேசி முடித்ததும், பேசியதை எழுத்தில் வைத்துவிடலாம் என்று இப்படி எழுதி அனுப்பினேன்:

```
Bonjour Madame,

Suite à notre échange de ce matin, je vous confirme
que nous avons bien noté les dégâts sur trois palettes.
Nous devons envoyer une réclamation au transporteur
sous trois jours.
Par ailleurs, je vous accorde une remise de 15 %
sur la facture.
Nous restons à votre disposition.

Bien cordialement,
```

பிரெஞ்சு தெரியாதவர்களுக்காகத் தமிழில்: “இன்று காலை பேசியதைத் தொடர்ந்து, மூன்று பேலட்டுகளில் உள்ள சேதத்தைக் குறித்துக்கொண்டோம் என்று உறுதி செய்கிறேன். மூன்று நாளுக்குள் லாரி நிறுவனத்துக்குப் புகார் அனுப்ப வேண்டும். மேலும், பில்லில் 15 சதவீதம் தள்ளுபடி தருகிறேன். தேவைப்பட்டால் தொடர்புகொள்ளலாம்.” இந்த மொழிபெயர்ப்பில் ஒரு தந்திரம் செய்திருக்கிறேன். “அனுப்ப வேண்டும்” என்ற வாக்கியத்தில் எழுவாயை விட்டுவிட்டேன். தமிழ் அதற்கு இடம் தரும். பிரெஞ்சு தராது, அங்கே எழுவாய் வேண்டும். நான் போட்டது ‘நூ’, மேலே Nous என்று இருக்கும் சொல்.

அடுத்த திங்கட்கிழமை அந்த அம்மா மறுபடி போன் செய்தார். “லாரிக் கம்பெனி உங்களுக்கு என்ன பதில் சொன்னது?” என்று கேட்டார். “உங்கள் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லையா?” என்று நான் கேட்டேன். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் அமைதி. யாரும் கடிதம் அனுப்பியிருக்கவில்லை.

பிரெஞ்சு வணிகச் சட்டத்தின் எல். 133-3 பிரிவு இதில் கறாரானது. சரக்கில் சேதமோ குறைவோ இருந்தால், பெறுநர் அதை வாங்கிய நாளுக்கு அடுத்து வரும் மூன்று நாட்களுக்குள், விடுமுறை நாட்களைக் கழித்து, காரணம் சொல்லி லாரி நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் லாரி நிறுவனத்தின் மேல் வழக்குப் போடும் உரிமையே அற்றுப்போகும். செவ்வாய் இறக்கிய சரக்குக்கு வெள்ளியோடு கெடு முடிந்தது. சட்டம் ‘பெறுநர்’ என்று சொல்வது சரக்கை வாங்கிக்கொண்டவரை. எங்கள் பொது விற்பனை நிபந்தனைகளிலும் அப்படியே இருந்தது. அதாவது கடிதம் அவர்கள் பக்கத்திலிருந்து போயிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். அவருக்கு அதைச் சொல்லத்தான் அந்த வாக்கியத்தையே எழுதினேன்.

அப்படியானால் “நீங்கள் அனுப்புங்கள்” என்று ஏன் எழுதவில்லை? இதை யோசிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. தமிழில் பேசியிருந்தால் “நாம மூணு நாளுக்குள்ள ஒரு லெட்டர் போட்டுடணும்மா” என்றுதான் சொல்லியிருப்பேன். சரக்கு நாசமான எரிச்சலில் இருப்பவரிடம் “நீங்க போடணும்” என்றால் தள்ளிவிடுவதுபோல் இருக்கும். ‘நாம’ என்றால் நானும் உங்கள் பக்கம் நிற்கிறேன் என்று ஆகும். வேலை அவருடையது என்பதும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். இந்த ‘நாம’வைத்தான் ‘நூ’ ஆக்கினேன். ஆனால் ‘நூ’வுக்குள் ‘நாம்’ மட்டும் இல்லை, ‘நாங்கள்’ என்பதும் இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு சொல் வைத்திருப்பது தமிழ். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு விற்பனையாளர் அனுப்பிய மின்னஞ்சலில் ‘நூ’ வந்தால் எந்தப் பிரெஞ்சுக்காரரும் முதலில் “இந்தக் கம்பெனி” என்றுதான் படிப்பார். அந்த அம்மா படித்தது “நாங்கள் மூன்று நாளுக்குள் புகார் அனுப்ப வேண்டும்” என்று. அவர் படித்தது சரி.

பிரெஞ்சுக்காரர்களிடமும் கேட்பவரைச் சேர்க்கும் மென்மையான ‘நூ’ உண்டு. மருத்துவர் நோயாளியிடம் “இன்றைக்கு எப்படி இருக்கிறோம்?” என்று கேட்பது அது. நேரில், குரலோடு, அது புரியும். கம்பெனி பெயரும் பதவியும் அடியில் இருக்கிற மின்னஞ்சலில் அது எடுபடாது.

இனி அந்த மின்னஞ்சலைச் சொல்வாரியாகப் பார்க்கிறேன். முதல் வரியில் ‘நம் பேச்சு’ என்ற பொருளில் ‘நோத்ர்’ வருகிறது. பேசியது நானும் அவரும், ஆகவே அது ‘நம்’. அடுத்து ‘ஜெ’, அதாவது நான். உறுதி செய்வது நான்தான், விசைப்பலகையில் கை வைத்திருப்பவள். உடனே ‘நூ’ குறித்துக்கொண்டது: அது ‘நாங்கள்’, எங்கள் நிறுவனம். ஒரே வாக்கியத்துக்குள் ‘நம்’, ‘நான்’, ‘நாங்கள்’ மூன்றும் வந்துவிட்டன, யாருக்கும் குழப்பமில்லை. ஒரு பேச்சு இருவருக்குள் நடப்பது, குறிப்பு ஒரு பக்கம் எடுப்பது. பொருளே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. மூன்றாவது முறை, “அனுப்ப வேண்டும்” என்ற இடத்தில், பொருள் பிரித்துக் கொடுக்கவில்லை. நாமும் அனுப்பலாம், நாங்களும் அனுப்பலாம். மேலே இருந்த ‘நூ’ நாங்களாக இருந்ததால் இதுவும் அதே வழியில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசி வரியின் ‘நூ’ மறுபடி சிக்கலில்லாத ‘நாங்கள்’.

‘ஜெ’யையும் ‘நூ’வையும் கலக்கவே கூடாது, ஒரு மின்னஞ்சலில் ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முழுக்க ‘நூ’வில் எழுதினால் என் மின்னஞ்சலின் அந்தப் பள்ளம் அப்படியே இருந்திருக்கும், இன்னும் ஆழமாகவே. முழுக்க ‘ஜெ’யில் எழுதினால் நிறுவனத்தின் முடிவுகளெல்லாம் என் சொந்த முடிவுகளாகத் தெரியும். கலப்பது தவறில்லை. ஒவ்வொரு சொல்லும் என்ன வேலைக்கு என்று எழுதுபவர் முடிவு செய்யாததுதான் தவறு.

தள்ளுபடி வாக்கியத்தில் நடந்தது இதற்கு நேர்மாறானது. அங்கே ‘ஜெ’ போட்டிருந்தேன்: “பதினைந்து சதவீதம் தருகிறேன்.” என் அதிகாரம் ஐந்து சதவீதம் வரைதான், 240 யூரோ. அதற்கு மேல் விற்பனை இயக்குநர் சம்மதிக்க வேண்டும். அன்று காலை போனில் அவரிடம் கேட்டேன், “பார்க்கலாம், கொடுக்கலாம் என்றுதான் நினைக்கிறேன்” என்றார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் மின்னஞ்சலைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “இந்த ‘ஜெ’ யார்?” என் மனதில் அது பணிவின் ‘நான்’. கம்பெனி பெயரைச் சொல்லிப் பெரிதாகப் பேசாமல், என்னால் ஆனதைச் செய்கிறேன் என்ற தொனி. அவருக்கு அது நான் எடுத்துக்கொண்ட அதிகாரமாகப் பட்டது. வாடிக்கையாளருக்கோ அது எங்கள் நிறுவனத்தின் வாக்கு. பில்லிலிருந்து 720 யூரோவைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பிவிட்டார்கள்.

நிறுவனம் மறுத்திருக்க முடியுமா? எங்கள் கணக்குப் பிரிவில் இருபது வருடமாக இருக்கும் மூத்தவர் ஒருவர் இதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தில் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள 1156-ஆம் பிரிவு இங்கே வருகிறது. பிரதிநிதி ஒருவர் தன் அதிகாரத்தை மீறிச் செய்த ஒப்பந்தம் அவரை நியமித்தவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அவருக்கு அதிகாரம் இருப்பதாக எதிர்த்தரப்பு நியாயமாக நம்பியிருந்தால், முக்கியமாக நியமித்தவரின் நடத்தையோ பேச்சோ அந்த நம்பிக்கையைத் தந்திருந்தால், கட்டுப்படுத்தும். இதைத் ‘தோற்ற அதிகாரம்’ என்று சொல்லலாம். பிரான்சின் உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் 1962 டிசம்பர் 13 அன்று முழு அமர்வில் தந்த தீர்ப்பிலிருந்தே வரும் கருத்து இது. வணிகர்களுக்கு இடையில் எந்த வகைச் சான்றும் செல்லும், மின்னஞ்சலும் செல்லும். அந்த அம்மாவின் பார்வையில் எழுதுபவர் மூன்று வருடமாக அதே பெயரில் அதே முகவரியிலிருந்து புகார்களைத் தீர்த்து வைப்பவர். அவர் நம்பியதில் என்ன தவறு?

ஆகவே ‘ஜெ’ போட்டதால் பொறுப்பு என் தனிப்பட்ட தலையில் விழுந்ததா என்றால், இல்லை. நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்துக்காகச் செயல்படுபவர் எழுதும் ‘ஜெ’ பதவியின் ‘ஜெ’. ‘ஜெ’ போட்டதால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சட்டம் பிரதிப்பெயரை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. கையெழுத்து, முகவரி, பழைய பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கும். ஆனால் எழுதும் நேரத்தில் பிரதிப்பெயர் ஒரு உதவி செய்யும், அதை நான் பயன்படுத்தவில்லை. அந்த வாக்கியத்தை ‘நூ’ போட்டு, “நாங்கள் 15 சதவீதம் தருகிறோம்” என்று எழுத முயன்றிருந்தால் என் விரல் நின்றிருக்கும். நாங்கள் என்றால் யார், இயக்குநர் உண்மையிலேயே சரி என்றாரா என்று கேட்டிருப்பேன். ‘ஜெ’ அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே என்னை எழுதவிட்டது.

அதிலிருந்து எழுதிய பிறகு ஒரு காரியம் செய்கிறேன். மின்னஞ்சலை அனுப்பும் முன் ஒவ்வொரு ‘நூ’வுக்கும், ‘நோத்ர்’, ‘நோ’ என்ற உடைமைச் சொற்களுக்கும் மேலே மனதுக்குள் தமிழை எழுதிப் பார்க்கிறேன்: நாமா, நாங்களா? தயங்காமல் ஒன்று வந்தால் விட்டுவிடுவேன். தயங்கினால் படிப்பவரும் தயங்குவார், அல்லது தயங்காமல் தவறாகப் படிப்பார். அந்த ‘நூ’வை எடுத்துவிட்டு யார் என்று பெயர் சொல்லிவிடுவேன். இரண்டாவது பார்வையில் வினையைப் பார்க்கிறேன். உறுதி செய்வது, இணைப்பது, விசாரித்துத் திரும்ப வருவது, மேலே அனுப்பியது போன்று நானே செய்யும் காரியத்துக்கு ‘ஜெ’. விலை, தள்ளுபடி, மாற்றுச் சரக்கு, பொறுப்பேற்பது போன்று நிறுவனம் முடிவெடுக்கும் காரியத்துக்கு ‘நூ’, அதுவும் முடிவு உண்மையில் எடுக்கப்பட்டிருந்தால் மட்டும். எதிரில் இருப்பவர் செய்ய வேண்டியதற்கு ‘வூ’, அதாவது நீங்கள். அந்த மின்னஞ்சலை இப்போது எழுதினால் இப்படி இருக்கும்:

```
Bonjour Madame,

Suite à notre appel de ce matin, je vous confirme
avoir bien noté les dégâts sur trois palettes.

De votre côté : merci d'adresser au transporteur,
au plus tard vendredi, une lettre recommandée
décrivant ces dégâts. Je vous joins un modèle.

De notre côté : j'ai transmis votre demande de remise
à notre direction commerciale, qui vous répondra jeudi.

Bien cordialement,
```

“உங்கள் பக்கத்தில்”, “எங்கள் பக்கத்தில்” என்ற இரண்டு தொடர்களும் பிரெஞ்சில் மிகச் சாதாரணமானவை. தமிழின் நாம்–நாங்கள் பிரிவினைக்குப் பிரெஞ்சில் கிடைக்கும் மிக நெருங்கிய மாற்று அவைதான். “எங்கள் பக்கத்தில்” என்று தொடங்கிவிட்டால் பின்னால் வரும் ‘நூ’ கேட்பவரை இழுத்துக்கொள்ள முடியாது. மென்மை போய்விட்டதே என்று எனக்கு ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது. ஆனால் மாதிரிக் கடிதத்தை இணைத்தது அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நானும் உங்கள் பக்கம் என்பதை ‘நாம’ சொல்லாவிட்டாலும் இணைப்பு சொல்கிறது.

எல்லா ‘நூ’வையும் இப்படிப் பிரித்துவிட முடியாது. “நூ சொம் கொன்வெனு”, அதாவது “நாம் ஒப்புக்கொண்டோம்” என்ற தொடர் எனக்கு இன்னும் பயமூட்டுவது. அது பெரும்பாலும் ‘நாம்’தான். ஆனால் எழுதியவர் இரண்டு தரப்பும் ஒப்பியதாகச் சொல்கிறாரா, தன் நிறுவனத்துக்குள் முடிவானதைச் சொல்கிறாரா என்பது வாக்கியத்தில் தெரியாது. “பேசியபடி” என்று வரும் எழுவாயில்லாத வடிவம் இன்னும் மோசம், யார் பேசியது என்பதே அதில் இல்லை. விலை சம்பந்தப்பட்டால் நான் இப்போது “நீங்கள் இன்னது கேட்டீர்கள், நான் இன்னது சொன்னேன்” என்று இரண்டு வாக்கியமாக எழுதிவிடுகிறேன். நீளம்தான், ஆனால் இரண்டு மாதம் கழித்துப் படித்தாலும் நிற்கும்.

மூன்று நான்கு பேர் பார்க்கும் பொது முகவரியில் ‘ஜெ’ வேறு விதமாகச் சறுக்கும். “நாளை திரும்பத் தொடர்புகொள்கிறேன்” என்று நான் எழுதி, மறுநாள் விடுமுறையில் இருந்தால், அந்த நான் யார் என்று பதில் எழுதும் சக ஊழியருக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. அங்கே வாக்குறுதிக்கு ‘நூ’ நல்லது. இல்லாவிட்டால் ‘ஜெ’ போட்டு அடியில் பெயரும் போட வேண்டும். அலுவலகத்துக்குள் எழுதும்போது பிரெஞ்சுக்காரர்கள் ‘நூ’வுக்குப் பதில் ‘ஓன்’ என்பார்கள். அது நாம், நாங்கள், யாரோ ஒருவர், எல்லாரும் என்று எதுவாகவும் இருக்கும். உள்ளே அது போதும். வெளியே அனுப்பும் மின்னஞ்சலுக்கு ஒட்டாது.

மன்னிப்புக் கேட்கும் இடத்தில் இன்னொரு சங்கதி. பிரெஞ்சில் வருந்துகிறேன் என்ற சொல் ஒருமை பன்மையையும் ஆண்பால் பெண்பாலையும் காட்டும். ‘ஜெ’யோடு எழுதினால் பெண்ணாகிய நான் ‘தெசொலே’ என்ற சொல்லின் கடைசியில் இன்னொரு இ சேர்க்க வேண்டும். நிறுவனத்தின் ‘நூ’ என்றால் பன்மைக்கு எஸ் சேர்க்க வேண்டும். ஒருவர் தன்னையே பணிவாகவோ பெருமையாகவோ ‘நூ’ என்று சொல்லும் பழைய வழக்கத்தில் மட்டும் எஸ் வராது. ஆகவே ‘நூ’ போட்டு எஸ் போடாமல் விட்டால், படிப்பவருக்கு ஒற்றை ஆள் தன்னைப் பன்மையில் சொல்வதாகத் தெரியும். தவறு என்னுடையது என்றால் ‘ஜெ’யிலும், லாரி தாமதம் போன்று நிறுவனத்துடையது என்றால் ‘நூ’விலும் மன்னிப்புக் கேட்கிறேன். முடிப்பு வாசகத்திலும் அதே கவனம் வேண்டும். “நாங்கள் தங்களை வேண்டுகிறோம்” என்று தொடங்கி “என் வணக்கத்தை” என்று முடித்தால், யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதே ஆடிவிடும். சாதாரண மின்னஞ்சலில் ‘கோர்தியால்மான்’ என்ற ஒற்றைச் சொல் போதும், அதில் நானும் இல்லை நாங்களும் இல்லை.

லாரி நிறுவனம் கெடு முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் பதில் அனுப்பியது. 720 யூரோ தள்ளுபடியை இயக்குநர் ஏற்றுக்கொண்டார். மூன்று பேலட்டின் 1,200 யூரோவை இரண்டு நிறுவனங்களும் பாதிப்பாதியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று அவரே முன்மொழிந்தார். அதை அந்த அம்மாவுக்கு நான்தான் எழுத வேண்டியிருந்தது. “நாங்கள் 600 யூரோ ஏற்கிறோம், எங்கள் விற்பனை இயக்குநர் இதை இன்று ஒப்புதல் செய்தார், மீதி 600 யூரோ உங்கள் நிறுவனத்துக்கு” என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது, ஒரே வரி:

```
Nous sommes d'accord.
```

நான் அதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் நானும் ஒத்துப்போகிறோம் என்கிறாரா, அவருடைய நிறுவனம் சம்மதிக்கிறது என்கிறாரா? முதலாவது என்றால் அது இருவருக்குள் உள்ள பேச்சு, இரண்டாவது என்றால் பணம். உங்கள் நிர்வாகத்தின் சம்மதமாக இதைப் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டு எழுதினேன். மறுநாள் மதியம் அவருடைய நிர்வாகியின் பெயரும் பதவியும் போட்ட பதில் வந்தது. அதன் பிறகுதான் கணக்குப் பிரிவுக்கு அனுப்பி வரவுக் குறிப்பைப் போடச் சொன்னேன்.